"வீட்டிலேயே பார்த்திருக்கலாம்" என்று எழுதும் காப்பீட்டுக்காரனுக்குப் பதில்

"நோயாளியின் உடல்நிலை சேர்க்கையின்போதும் அதற்குப் பிறகும் சீராக இருந்துள்ளது. வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றிருக்க முடியும். எனவே க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது."

டெங்குக் காய்ச்சலுக்கு மருத்துவமனையில் படுத்துவிட்டு வந்தவர்களின் வீடுகளுக்கு இந்த மூன்று வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியவர் நோயாளியைப் பார்த்ததில்லை. ஏதோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து, ஸ்கேன் செய்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிவிட்டு, எல்லாம் முடிந்து ஆள் பிழைத்து வீட்டுக்குப் போன பிறகு, சேர்த்திருக்கவே வேண்டாம் என்கிறார். நனையாமல் வந்தவனிடம் குடை எதற்கு என்று கேட்கிற நியாயம் இது.

இதற்கு நம் வீடுகளிலிருந்து போகும் பதில் எப்படி இருக்கிறது? "மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பம், கடன் வாங்கித்தான் மருத்துவமனைக்குக் கட்டினோம், தாங்கள் கருணையுடன் பரிசீலிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." தோழர்களே, பாலிசி ஒரு ஒப்பந்தம். பிரீமியம் கட்டியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கருணைக்கு ஒரு பத்தியும் கிடையாது. ஏழ்மையை எழுதினால் அந்தக் கடிதத்தில் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூட இருக்காது. அதே மூன்று வரிகளைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள். தாத்தா காலத்து மனு எழுதும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். இது மேல்முறையீடு. அவர்கள் சொன்ன காரணத்தை எடுத்து, அது ஏன் தவறு என்று காட்டுகிற கடிதம்.

எப்படிக் காட்டுவது என்று ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். இப்படி வரும் பல நிராகரிப்புகளின் பொதுவான அம்சங்களைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது.

ஓர் அம்மா. வயது 41. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. பாலிசி அவர் பெயரிலேயே இருக்கிறது, சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தொடங்குகிறது. வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிகிறது. அன்று பிளேட்லெட் 1,42,000, பிசிவி 36. வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்குகிறது. ஆனால் காலையிலிருந்து நான்கு முறை வாந்தி, வயிற்றில் விடாத வலி, தண்ணீர்கூட நிற்கவில்லை. இரவு 9.40-க்கு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். அப்போது வெப்பம் 99 டிகிரி, ரத்த அழுத்தம் 110/80, பிளேட்லெட் 88,000, பிசிவி 42. மூன்று இரவு டிரிப்ஸ், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. திங்கள் காலை வீடு திரும்புகிறார். பில் 46,800 ரூபாய். பிறகு அந்த மூன்று வரிகள்.

நிராகரித்தவர் பிடித்துக்கொண்ட இரண்டு எண்களைக் கவனியுங்கள். வெப்பம் 99. ரத்த அழுத்தம் 110/80. இரண்டும் சரியாக இருக்கின்றன, ஆகவே சீராக இருந்தார் என்கிறார். மற்ற காய்ச்சல்களில் காய்ச்சல் இறங்கினால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணிகிற நேரத்தில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கலாம். அந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நீர் வெளியேறுவதால் மீதியுள்ள ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டித்தன்மையைக் காட்டுவதுதான் பிசிவி. ரத்த அழுத்தமோ கடைசி வரை சரியாகவே காட்டிவிட்டு, திடீரென்று விழும். அது விழும்வரை காத்திருந்து சேர்த்தால் அதன் பெயர் டெங்கு ஷாக்.

ஆக, ஒரே நாளில் பிசிவி 36-லிருந்து 42-க்கு ஏறியதும், அதே நேரத்தில் பிளேட்லெட் வேகமாக இறங்கியதும், விடாத வாந்தியும், வயிற்று வலியும் சேர்ந்து வந்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டெங்கு வழிகாட்டி இவற்றை எச்சரிக்கை அறிகுறிகள் என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. அறிகுறி உள்ளவர்களை 'பி' பிரிவில் வைத்து, மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை அறிகுறி இல்லாவிட்டாலும் அதே பிரிவுதான்.

அந்த 'பி' பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. நம்மவர்கள் யாரும் கடிதத்தில் எழுதாத வரி அதுதான். தனியாக வாழ்பவர்கள், நம்பகமான போக்குவரத்து இல்லாமல் மருத்துவமனையிலிருந்து தொலைவில் வாழ்பவர்கள் ஆகியோரையும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியவர்களாக அது சொல்கிறது. சமூகச் சூழ்நிலை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"வீட்டிலேயே பார்த்திருக்கலாம்" என்று எழுதுகிறவர் மனதில் ஒரு வீடு இருக்கிறது. அதில் தனி அறை உண்டு, உள்ளேயே கழிப்பறை உண்டு, வாசலில் கார் நிற்கும், நள்ளிரவில் மூச்சு வாங்கினால் பத்து நிமிடத்தில் மருத்துவமனை. நம் எடுத்துக்காட்டில் உள்ள அம்மாவின் வீடு ஊர் தாண்டி, வயல் தாண்டி, கடைசியில் இருக்கும் காலனி. மருத்துவமனை 14 கிலோமீட்டர். கடைசிப் பேருந்து இரவு 8.30. காலனியை ஊரிலிருந்து தள்ளி வைத்தது நாமா? தள்ளி வைத்தது சாதி. அந்தத் தொலைவின் விலையையும் நம் தலையில் கட்டுவதற்குத்தான் "ஓபியில் பார்த்திருக்கலாம்" என்கிற வார்த்தை உதவுகிறது. அந்தத் தொலைவை மருத்துவ அளவுகோலாகவே வழிகாட்டி ஏற்றுக்கொண்டிருக்கும்போது நாம் ஏன் கூச்சப்பட்டுக்கொண்டு எழுதாமல் விட வேண்டும்? எத்தனை கிலோமீட்டர், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். மருத்துவக் காரணம் முதலில், தொலைவு அதற்குத் துணையாக.

எழுத உட்காருவதற்கு முன்னால் காகிதம் சேர்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது வீட்டுக்குப் போகும் நாளில், பல நேரம் ஒரு மாதிரிப் படிவத்தை நிரப்பி எழுதப்படுவது. "காய்ச்சலுக்கான காரணத்தை ஆராயவும் மேல் சிகிச்சைக்கும் சேர்க்கப்பட்டார்" என்று வழக்கமான ஒரு வரியைப் போட்டிருப்பார்கள். அந்த 'ஆராய' என்ற சொல்லைத்தான் நிறுவனம் பிடித்துக்கொள்ளும். பாலிசியில் Excl04 என்று எண்ணிட்ட விலக்கு ஒன்று உண்டு. பரிசோதனைக்காகவும் ஆய்வுக்காகவும் மட்டுமே முதன்மையாகச் சேர்க்கப்பட்டால் பணம் கிடையாது என்பது அதன் சாரம். அந்த 'மட்டுமே' என்ற சொல் நம் பக்கம் இருக்கிறது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியது சிகிச்சை. டெங்கு என்று வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சேர்ந்தவரிடம் கண்டுபிடிக்க வேண்டிய நோய் எதுவும் மீதி இல்லை.

உண்மையான சாட்சி கேஸ் ஷீட்டில் இருக்கிறது. சேர்க்கை நேரத்தில் டூட்டி டாக்டர் எழுதிய குறிப்பு, நர்ஸ் மணிக்கு மணி எழுதிய அட்டவணை, எத்தனை மில்லி திரவம் எந்த வேகத்தில் போனது என்ற கணக்கு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் நேரத்தோடு. இந்தத் தொகுப்பு முழுவதையும் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. "இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டோம், உங்களுக்குத் தர முடியாது" என்று கவுண்டரில் சொன்னால், மறுப்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிகிச்சை தந்த டாக்டரிடம் ஒரு சான்றும் வாங்குங்கள். "சேர்க்கை அவசியமாக இருந்தது" என்று ஒற்றை வரி வாங்கிப் பயனில்லை. அந்த இரவு 9.40 மணிக்கு அவர் என்ன பார்த்தார், வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன நடக்கக்கூடும் என்று அஞ்சினார், மருத்துவமனையில் மட்டுமே செய்யக்கூடிய எதைச் செய்தார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் இல்லாததைச் சேர்த்து எழுதச் சொல்லாதீர்கள். பழைய தாளில் புதிதாக ஒரு வரி ஏறியது தெரிந்தால், நியாயமான க்ளெய்மும் மோசடி என்ற பெயரில் செத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரை நோயை வாதமாக வைக்கும் முன் பாலிசி எடுத்தபோது நிரப்பிய விண்ணப்பத்தைப் பாருங்கள். அங்கே 'நோய் எதுவும் இல்லை' என்று ஏஜெண்ட் டிக் அடித்திருந்தால், நீங்கள் எழுதும் அந்த ஒரு வரியையே எடுத்து, உண்மையை மறைத்தீர்கள் என்று பாலிசியையே ரத்து செய்யப் பார்ப்பார்கள். அப்படி இருந்தால் கடிதம் அனுப்பும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இனி கடிதம். பாலிசி ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதன் வரிகளை மேற்கோள் காட்டும் இடத்தில் ஆங்கில வாசகத்தை எழுத்து மாறாமல் எழுதுங்கள். உங்கள் சொந்த மொழிபெயர்ப்பை வைத்து வாதாடாதீர்கள். இடையில் வேலை செய்யும் டிபிஏவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். முடிவெடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது. அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கே கடிதம் போக வேண்டும். மகள் எழுதலாம், தோழர் எழுதலாம், கையெழுத்து பாலிசிதாரருடையதாக இருக்க வேண்டும். இதோ ஒரு வடிவம்:

"பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி. பொருள்: க்ளெய்ம் நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு. பாலிசி எண், க்ளெய்ம் எண், நிராகரிப்புக் கடிதத்தின் தேதி.

1. என் உடல்நிலை சீராக இருந்ததால் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கலாம் என்று உங்கள் கடிதம் கூறுகிறது. இந்த முடிவை நான் ஏற்கவில்லை.

2. நான் சேர்க்கப்பட்டது காய்ச்சலின் நான்காம் நாள் இரவு 9.40. அன்று காலையிலிருந்து நான்கு முறை வாந்தி, தொடர்ந்த வயிற்று வலி. முந்தைய நாளுடன் ஒப்பிட்டால் பிசிவி 36-லிருந்து 42 ஆகவும், பிளேட்லெட் 1,42,000-லிருந்து 88,000 ஆகவும் மாறியிருந்தது. ஆதாரம்: இணைப்பு 1, சேர்க்கைக் குறிப்பு, இணைப்பு 2, இரண்டு நாள் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள்.

3. இவை உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியில் சொல்லப்பட்ட எச்சரிக்கை அறிகுறிகள். எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது, அது விண்ணப்பத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது. என் வீடு மருத்துவமனையிலிருந்து 14 கிலோமீட்டர். இரவு 8.30-க்குப் பிறகு பேருந்து இல்லை. இந்த மூன்று காரணங்களில் எது ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்த வழிகாட்டி.

4. காய்ச்சல் தணிந்ததும் ரத்த அழுத்தம் சரியாக இருந்ததும் ஆபத்து நீங்கியதைக் காட்டவில்லை. டெங்குவில் நீர்க்கசிவுக் கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. பிறகு நான் சீராக இருந்தது, கொடுக்கப்பட்ட சிகிச்சையின் பலன். சேர்க்கை அவசியமா என்பதைச் சேர்க்கப்பட்ட நேரத்தில் டாக்டருக்குத் தெரிந்ததை வைத்தே மதிப்பிட வேண்டும்.

5. வாய்வழி எதுவும் நிற்காததால் திரவம் நரம்பு வழியாக, உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டு, பிசிவி பார்த்து வேகத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டது. இணைப்பு 3, திரவ அட்டவணை. வெளிநோயாளிப் பிரிவில் இரவு முழுவதும் இதை எப்படிச் செய்திருக்க முடியும் என்று தெரிவிக்கவும்.

6. பாலிசியில் உள்ள 'மருத்துவரீதியாக அவசியமான சிகிச்சை' என்பதன் விளக்கம் (இங்கே ஆங்கில வாசகம்) முழுமையாகப் பூர்த்தியாகிறது. சிகிச்சை தந்த மருத்துவரின் சான்று இணைப்பு 4. Excl04 பொருந்தாது. நோய் சேர்க்கைக்கு முன்பே உறுதி செய்யப்பட்டிருந்தது.

7. நிராகரிப்பு எந்தப் பாலிசி விதியின்கீழ் செய்யப்பட்டது, க்ளெய்ம் மறுஆய்வுக் குழு அதற்கு ஒப்புதல் அளித்ததா, கருத்துச் சொன்ன மருத்துவரின் தகுதி என்ன, அவர் கேஸ் ஷீட்டைப் பார்த்தாரா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

8. 46,800 ரூபாயைப் பாலிசி விதிப்படி வழங்கக் கோருகிறேன். தவறினால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகுவேன்."

எட்டுப் பத்திகள், இரண்டு பக்கம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. ஐந்தாம் பத்தியின் கடைசி வாக்கியம் கேள்வியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. "வெளிநோயாளியாகப் பார்த்திருக்கலாம்" என்பது சொல்ல எளிது. எப்படி என்று கேட்டால் பதில் எழுத ஆள் கிடைக்காது. ஏழாம் பத்தி வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் குழு ஒப்புதல் இல்லாமல் எந்த மருத்துவ க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரித்தால் குறிப்பிட்ட பாலிசி விதியைச் சுட்டிக்காட்ட வேண்டும். நமக்கு வரும் மூன்று வரிக் கடிதத்தில் விதி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபணை.

கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டு, ஐஆர்டிஏஐ-யின் bimabharosa.irdai.gov.in தளத்திலும் புகாராகப் பதிவு செய்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்புட்ஸ்மேன் என்பார்கள். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை. வக்கீல் வைத்து வாதாட முடியாது, அதனால் நம் கடிதமே நமக்கு வக்கீல். அவர் பணம் தரச் சொன்னால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தீர்ப்பு நமக்கு எதிராக வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடாது. ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் முதலில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார்.

எல்லா நிராகரிப்பும் தவறு என்றும் சொல்ல மாட்டேன். எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லை, வேறு நோயில்லை, கஞ்சியும் தண்ணீரும் உள்ளே போகிறது, சிறுநீர் சரியாகப் போகிறது, வீடும் பக்கத்தில்தான் என்றால் அதே வழிகாட்டி வீட்டில் வைத்துப் பார்க்கத்தான் சொல்கிறது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனது என்ற ஒரே காரணத்தை வைத்து எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன. தனி எண்ணாக அதற்குப் பலம் குறைவு. பிசிவி ஏற்றத்தோடும் வாந்தி, வலியோடும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது பேசும். பயமுறுத்திப் படுக்கையை நிரப்பும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அவர்கள் செய்ததற்கு நாம் வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் மேலே சொன்ன அம்மாவைப் போன்றவர்களுக்கு வரும் நிராகரிப்பு வேறு கணக்கு. அங்கே நிறுவனம் நம்பியிருப்பது மருத்துவத்தை அல்ல, நம் சோர்வை. ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்ததும் கைவிட்டுவிடுவார்கள், கேஸ் ஷீட் என்று ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்கத் தயங்குவார்கள் என்ற நம்பிக்கை. கல்லூரிக்குப் போகிற தோழர்கள் இதைத்தான் உடைக்க வேண்டும். உங்கள் தெருவில் யாராவது இந்த மழைக்காலத்தில் டெங்குவுக்குப் படுத்துவிட்டு வந்தால், க்ளெய்ம் மறுக்கப்படும்வரை காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே போய் கேஸ் ஷீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். அந்த இரவு எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று அதில் இருக்கிறது.